இரண்டு கட்ட ரெக்ரெஷனில் கேப்-எம் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் கட்டத்தில் என்ன செய்கிறோம், இரண்டாம் கட்டத்தில் என்ன செய்கிறோம்? எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது.

கேப்-எம் என்ற மூலதனச் சொத்து விலையிடல் கோட்பாடு, ஒரு பங்கு வட்டிக்கு மேல் தரும் வருவாய் அது சந்தையோடு சேர்ந்து எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பொறுத்தது என்கிறது. அதைத்தான் இரண்டு கட்டமாகச் சோதிக்கிறோம். முதல் கட்டம் காலத்தின் வழியே போகிறது. ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு மாதமும் அது இடரற்ற வட்டிக்கு மேல் எவ்வளவு தந்தது, சந்தைக் குறியீடு அதே மாதத்தில் வட்டிக்கு மேல் எவ்வளவு தந்தது என்ற இரண்டையும் வைத்து ஒரு ரெக்ரெஷன் போட்டால் வரும் சாய்வுதான் அந்தப் பங்கின் பீட்டா. ஐந்நூறு பங்குகள் இருந்தால் ஐந்நூறு ரெக்ரெஷன்கள், ஐந்நூறு பீட்டாக்கள்.

இரண்டாம் கட்டம் பங்குகளின் குறுக்கே போகிறது. இங்கே காலம் கிடையாது; ஒவ்வொரு பங்கும் ஒரே ஒரு புள்ளி. அதன் சராசரி மிகை வருவாய் ஒரு பக்கம், முதல் கட்டத்தில் கிடைத்த பீட்டா மறு பக்கம். இந்தப் புள்ளிகளின் ஊடே ஒரே ஒரு கோடு போடுகிறோம்.

```
R_it - R_ft = α_i + β_i (R_mt - R_ft) + e_it
mean(R_i - R_f) = γ0 + γ1 β_i + γ2 σ²(e_i) + u_i
```

இரண்டாவது வரியில் உள்ள γ0, பீட்டா பூஜ்யமான இடத்தில் கோடு தொடங்கும் வெட்டுத்துண்டு. γ1தான் மதிப்பிடப்பட்ட ரிஸ்க் பிரீமியம்: பீட்டா ஒன்று கூடினால் சராசரி வருவாய் எவ்வளவு கூடியது என்பதைச் சொல்வது. σ²(e) என்பது சந்தையோடு சேராமல் அந்தப் பங்கு தன்போக்கில் ஆடும் ஆட்டத்தின் அளவு. கேப்-எம் சரியென்றால் அதற்குச் சந்தை ஒரு பைசாவும் தராது. அதைச் சோதிக்கத்தான் அந்த உறுப்பையும் வேண்டுமென்றே உள்ளே வைக்கிறார்கள்.

எனக்கு γ1 பாசிட்டிவ்வாக வந்தது, டி மதிப்பு 7. அப்படியானால் கேப்-எம் பாஸ்தானே?

இல்லை. ப்ராஜெக்ட் அறிக்கைகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். "பீட்டா கூடினால் வருவாய் கூடும்" என்பது கேப்-எம்மின் முழு வாதம் அல்ல. 1964இல் வில்லியம் ஷார்ப்பும் 1965இல் ஜான் லின்ட்னரும் எழுதிய வடிவம் எவ்வளவு கூடும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. பீட்டா பூஜ்யமான பங்கு வட்டிக்கு மேல் எதுவும் தரக்கூடாது. பீட்டா ஒன்றாக உள்ள பங்கு, சந்தை தந்த அதே மிகை வருவாயைத் தர வேண்டும். ஆகவே γ0 பூஜ்யமாக வேண்டும், γ1 சந்தையின் சராசரி மிகை வருவாய்க்குச் சமமாக வேண்டும், γ2 பூஜ்யமாக வேண்டும். மூன்றும் சேர்ந்துதான் சோதனை.

நீங்கள் சொன்ன அதே டி மதிப்புக்கு உண்மையான உதாரணம் ஒன்று உண்டு. லின்ட்னர் தொடங்கிவைத்த சோதனையை மெர்டன் மில்லரும் மைரன் ஷோல்ஸும் 1972இல் மறுபடி செய்தார்கள். நியூயார்க் பங்குச் சந்தையின் 631 பங்குகள், 1954 முதல் 1963 வரை பத்து ஆண்டுத் தரவு. கிடைத்தவை: γ0 = 0.127, γ1 = 0.042, γ2 = 0.310. திட்டப் பிழைகள் முறையே 0.006, 0.006, 0.026. அதே காலத்தில் சந்தை தந்த சராசரி மிகை வருவாய் 0.165, அதாவது ஆண்டுக்கு 16.5 சதவீதம்.

இப்போது γ1ஐ அதன் திட்டப் பிழையால் வகுத்துப் பாருங்கள்: 0.042 / 0.006 = 7. பூஜ்யம் அல்ல என்பது நிச்சயம். ஆனால் வர வேண்டியது 0.165. அதில் கால் பங்கு மட்டுமே வந்திருக்கிறது. அந்த இடைவெளி திட்டப் பிழையைப் போல இருபது மடங்கு. பூஜ்யமாக இருக்க வேண்டிய γ0 ஆண்டுக்கு 12.7 சதவீதமாக நிற்கிறது. விலை பெறக்கூடாத தனி ஆட்டத்துக்குப் பெரிய கெழு கிடைத்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று நிபந்தனையிலும் தோல்வி. உங்கள் அட்டவணையில் γ1க்குப் பக்கத்தில் சந்தைச் சராசரி என்று ஒரு நெடுவரிசை இல்லையென்றால், அந்த அட்டவணையை வைத்து எந்த முடிவும் சொல்ல முடியாது.

γ1ஐ எந்தச் சராசரியோடு ஒப்பிட வேண்டும்? பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் 6 சதவீதம், 8 சதவீதம் போன்றவற்றோடா?

வேண்டாம். உங்கள் தரவின் அதே மாதங்களில், முதல் கட்டத்தில் பயன்படுத்திய அதே குறியீடு, அதே இடரற்ற வட்டிக்கு மேல் உண்மையில் தந்த சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தக் காலம் சந்தை சரிந்த காலமென்றால் சராசரி நெகட்டிவ்வாக இருக்கும். கேப்-எம் சரியென்றால் γ1உம் அப்போது நெகட்டிவ்வாகத்தான் வர வேண்டும். பல பேர் நெகட்டிவ் γ1ஐப் பார்த்ததும் கோட்பாடு உடைந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். சந்தையே அந்த ஐந்து ஆண்டில் வட்டியைக்கூடத் தாண்டவில்லை என்றால், பீட்டா அதிகமான பங்குகள் கூடுதலாக அடி வாங்கியிருக்கும். கோடு கீழ்நோக்கிச் சாய்ந்ததே கோட்பாட்டுக்குச் சாதகமான சாட்சியாக இருக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு விஷயத்தையும் கவனியுங்கள். மாதாந்திரத் தரவோடு ஆண்டு வட்டி விகிதத்தை அப்படியே கழித்துவிட்டால் γ0உம் சந்தைச் சராசரியும் அர்த்தமற்றுப் போகும். வட்டியை மாதக் கணக்குக்கு மாற்றிவிட்டுத்தான் கழிக்க வேண்டும்.

16.5 வர வேண்டிய இடத்தில் 4.2 வந்தது எப்படி? கோட்பாடு தவறு என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

உண்டு. இந்தச் சோதனையின் ஆகப் பெரிய பள்ளம் அதுதான். இரண்டாம் கட்டத்தில் வலப்பக்கம் போவது உண்மையான பீட்டா அல்ல, முதல் கட்டம் மதிப்பிட்டுக் கொடுத்த பீட்டா. அதில் பிழை இருக்கிறது. வலப்பக்க மாறியில் பிழை இருந்தால் சாய்வு பூஜ்யத்தை நோக்கிச் சப்பையாகும். இது எந்த ரெக்ரெஷனுக்கும் பொது. எவ்வளவு சப்பையாகும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம்:

```
γ1_hat ≈ γ1 × Var(β) / [ Var(β) + SE(β)² ]
```

ஓர் உதாரணத்துக்கு நான் சில எண்களை வைத்துக்கொள்கிறேன். சந்தையின் ஆண்டுத் திட்ட விலக்கம் 16 சதவீதம். பங்கின் எச்சத்தின், அதாவது அதன் தன்போக்கு ஆட்டத்தின், திட்ட விலக்கம் 25 சதவீதம். பத்து ஆண்டு, அதாவது பத்தே பத்து புள்ளிகள். அப்போது ஒரு பங்கின் பீட்டாவுக்குத் திட்டப் பிழை 0.25 / (0.16 × √10), ஏறத்தாழ 0.49. உண்மையான பீட்டாக்கள் ஒன்றைச் சுற்றி 0.35 திட்ட விலக்கத்தோடு பரவியிருக்கின்றன என்று வைப்போம். அதன் வர்க்கம் 0.12, பிழையின் வர்க்கம் 0.24. பங்குகளுக்கு இடையே நமக்குத் தெரியும் பீட்டா வித்தியாசங்களில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் பிழைதான். சாய்வு மூன்றில் ஒன்றாகச் சுருங்கும்: 16.5 சதவீதம் 5.5 சதவீதமாகும்.

சாய்வு சப்பையானால் வெட்டுத்துண்டு சும்மா இருக்காது. ரெக்ரெஷன் கோடு எப்போதும் சராசரிப் புள்ளி வழியாகப் போயாக வேண்டும். சராசரி பீட்டா ஒன்று, சராசரி மிகை வருவாய் 16.5 சதவீதம் என்றால், சாய்வில் இழந்த 11 சதவீதமும் அப்படியே γ0க்குப் போய்ச் சேரும். கேப்-எம் நூற்றுக்கு நூறு உண்மையான ஓர் உலகத்தில்கூட γ0 = 0.11, γ1 = 0.055 என்றுதான் வரும். மேலே உள்ள 0.127, 0.042 என்ற எண்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள்.

மில்லரும் ஷோல்ஸும் செய்ததும் இந்த வகைச் சோதனைதான். ரேண்டம் எண்களைக் கொண்டு, கேப்-எம் துல்லியமாகப் பொருந்தும்படி வருவாய்களை உருவாக்கி, அவற்றை நிஜத் தரவைப் போல இரண்டு கட்டத்திலும் ஓட்டினார்கள். நிஜத் தரவில் வந்தவற்றை ஒத்த எண்களே திரும்பி வந்தன. அதாவது அந்தச் சோதனை உண்மையான கோட்பாட்டையும் தோற்கடித்துவிடும். ஆகவே அதில் தோற்றது கோட்பாட்டுக்கு எதிரான சாட்சியாகாது. நீங்களும் ஓட்டிப் பார்க்கலாம்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(1)
N, T = 631, 10
beta = rng.normal(1.0, 0.35, N)
mkt = rng.normal(0.165, 0.16, T)
ret = np.outer(mkt, beta) + rng.normal(0, 0.25, (T, N))
X = np.column_stack([np.ones(T), mkt])
b = np.linalg.lstsq(X, ret, rcond=None)[0][1]
Z = np.column_stack([np.ones(N), b])
print(np.linalg.lstsq(Z, ret.mean(axis=0), rcond=None)[0], mkt.mean())
```

முதல் இரண்டு எண்கள் γ0, γ1. மூன்றாவது, γ1 எட்ட வேண்டிய சந்தைச் சராசரி. விதை எண்ணை மாற்றி மாற்றி ஓட்டினால் எண்கள் ஆடும், ஆனால் γ1 சந்தைச் சராசரியை விட்டுத் தள்ளியே நிற்கும். பிறகு `T`ஐ 1000 என்று மாற்றுங்கள். அப்போது γ1 தன் இடத்துக்கு வந்துவிடும். நிஜத் தரவில் கைவைப்பதற்கு முன் உங்கள் பங்கு எண்ணிக்கை, உங்கள் கால நீளம், உங்கள் எச்ச அளவு ஆகியவற்றைக் கொண்டு இதை ஒரு முறை ஓட்டிவிடுவது நல்லது. உண்மையான கேப்-எம் உங்கள் அமைப்பில் எந்த γ1ஐத் தரும் என்பது தெரிந்த பிறகுதான் நிஜ γ1க்குப் பொருள் வரும்.

சரி, ஆனால் பீட்டாவில் பிழை இருப்பதால் தனி ஆட்டத்துக்கு எப்படி விலை முளைத்தது? γ2 = 0.310 எங்கிருந்து வந்தது?

பீட்டா அதிகமான பங்குகளுக்கு எச்ச ஆட்டமும் பொதுவாக அதிகம். நாம் வைத்த பீட்டா கலங்கலாக இருக்கும்போது, "இந்தப் பங்கின் உண்மையான பீட்டா பெரியது" என்ற செய்தியை எச்ச மாறுபாட்டளவும் ஓரளவு சுமக்கிறது. ரெக்ரெஷனுக்கு அது யாருடைய புகழ் என்று தெரியாது. யாரிடம் செய்தி இருக்கிறதோ அவருக்குக் கெழுவைக் கொடுத்துவிடும். இதோடு, வருவாய்களின் பரவல் பெரிய ஏற்றங்களின் பக்கம் நீண்டு கிடப்பதும் சேர்ந்துகொள்கிறது. சில ஆண்டுகளில் ஒரு பங்கு திடீரென்று பல மடங்கு ஏறினால், அந்த ஒரே நிகழ்வு அதன் சராசரியையும் ஏற்றும், எச்ச மாறுபாட்டையும் ஏற்றும். பத்து புள்ளிகள் உள்ள தரவில் இது சிறிய விஷயம் அல்ல.

ஆண்டுத் தரவை விட்டுவிட்டு மாதத் தரவு, தினசரித் தரவு என்று போனால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

குறையும், தீராது. ஐந்தாண்டு மாதத் தரவில் அறுபது புள்ளிகள். எச்சம் மாதத்துக்கு 8 சதவீதம், சந்தை 4.5 சதவீதம் என்று வைத்தால் பீட்டாவின் திட்டப் பிழை 0.23. மேலே உள்ள அதே வாய்பாட்டில் போட்டால் சாய்வில் எழுபது சதவீதம் தங்கும். முன்பு மூன்றில் ஒன்றுதான் தங்கியது. முன்னேற்றம்தான், ஆனாலும் முப்பது சதவீதம் காணாமல் போகிறது.

தினசரித் தரவில் இந்தப் பிழை இன்னும் சுருங்கும். ஆனால் வேறொன்று வந்துவிடும். நாள் முழுக்க வியாபாரமே ஆகாத சிறிய பங்குகளின் விலை, சந்தை நகர்ந்து ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் நகரும். அதே நாள் சந்தையோடு மட்டும் ஒப்பிட்டால் அவற்றின் பீட்டா உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஷோல்ஸும் வில்லியம்ஸும் 1977இலும், டிம்சன் 1979இலும் முந்தைய, பிந்தைய நாட்களின் சந்தை வருவாயையும் சேர்த்து இதைச் சரிசெய்யும் வழிகளைத் தந்தார்கள். நீண்ட காலத் தரவு எடுப்பதும் உதவும், ஆனால் இருபது ஆண்டில் ஒரு நிறுவனத்தின் தொழிலும் கடனும் மாறிவிடும்; அதன் பீட்டாவும் நிலையாக இருக்காது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தரவை நெருக்கமாக எடுத்தால் பீட்டா துல்லியமாகும், சராசரி வருவாய் துல்லியமாகாது. ஒரு பங்கு பத்து ஆண்டில் தந்த சராசரி, தொடக்க விலையையும் இறுதி விலையையும் பொறுத்தது. இடையில் எத்தனை முறை எட்டிப் பார்த்தோம் என்பதால் அது மாறாது.

போர்ட்ஃபோலியோவாகச் சேர்த்துச் செய்யச் சொன்னார் எங்கள் சார். பீட்டா வரிசைப்படி பத்துக் குழுவாகப் பிரித்தால் போதுமா?

பிரிப்பதன் நோக்கம் சரி. ஐம்பது பங்குகளைச் சேர்த்தால், அவற்றின் எச்சங்கள் ஒன்றோடொன்று சேராதவை என்ற அளவில், 8 சதவீத எச்சம் 1.1 சதவீதமாகச் சுருங்கும். பீட்டாவின் திட்டப் பிழை 0.23இலிருந்து 0.03 அளவுக்கு வந்துவிடும். கண்மூடித்தனமாகச் சேர்த்தால் எல்லாக் குழுவின் பீட்டாவும் ஒன்றுக்குப் பக்கத்தில் குவிந்துவிடும், கோடு போட இடமே இருக்காது. ஆகவே பீட்டா வரிசைப்படி சேர்க்கிறோம்.

ஆனால் எந்தத் தரவில் பீட்டாவை அளந்தீர்களோ அதே தரவில் வரிசைப்படுத்தி, அதே பீட்டாவைச் சராசரி எடுத்து இரண்டாம் கட்டத்தில் போட்டால், விட்ட இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறீர்கள். உச்சிக் குழுவில் வந்து விழுபவை உண்மையிலேயே பீட்டா பெரியவை மட்டுமல்ல. பிழை மேல்நோக்கி அமைந்தவையும்தான். அடிக் குழுவில் பிழை கீழ்நோக்கி அமைந்தவை சேரும். குழுவுக்குள் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் ஒரே திசையில் குவியும்.

இதற்கு வழி, காலத்தைப் பிரிப்பது. யூஜீன் ஃபாமாவும் ஜேம்ஸ் மெக்பெத்தும் 1973இல் செய்ததைப் பாருங்கள். 1926 முதல் 1929 வரையான தரவில் பங்குகளின் பீட்டாவை அளந்து இருபது குழுவாக அடுக்கினார்கள். அந்தப் பீட்டாக்களை அத்தோடு விட்டுவிட்டு, 1930 முதல் 1934 வரையான தரவில் புதிதாக அளந்தார்கள். அந்தப் புதிய பீட்டாவை வைத்து 1935இலிருந்து வந்த வருவாய்களை விளக்கப் பார்த்தார்கள். பிறகு இந்த மூன்று சாளரங்களையும் முன்னே நகர்த்திக்கொண்டே போனார்கள். அடுக்கிய தரவின் பிழைக்கும் அளந்த தரவின் பிழைக்கும் தொடர்பில்லை என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

உங்களிடம் சரியாகச் செய்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: அடுக்கும்போது இருந்த குழு பீட்டாவையும் மறுபடி அளந்த பீட்டாவையும் அருகருகே எழுதுங்கள். உச்சிக் குழு இறங்கியிருக்க வேண்டும், அடிக் குழு ஏறியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் எங்கோ பழைய பீட்டாவே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படிச் சுத்தமாகச் செய்த பிறகு கேப்-எம் பிழைத்ததா?

பாதி. ஃபிஷர் பிளாக், மைக்கேல் ஜென்சன், ஷோல்ஸ் மூவரும் 1972இல் நியூயார்க் பங்குகளைப் பத்துக் குழுவாக்கி 1931 முதல் 1965 வரை பார்த்தார்கள். குழுக்களின் பீட்டா ஏறத்தாழ 0.5 முதல் 1.5 வரை. இரண்டாம் கட்டத்தில் மாதத்துக்கு γ0 = 0.359 சதவீதம், γ1 = 1.08 சதவீதம். சந்தை தந்தது 1.42 சதவீதம்.

புள்ளிகள் கிட்டத்தட்ட நேர்கோட்டிலேயே அமர்ந்தன. சாய்வில் கால் பங்கு மட்டும் வந்த நிலை மாறி, முக்கால் பங்கு வந்துவிட்டது. இருந்தாலும் கோடு இன்னும் சப்பைதான். பீட்டா 1.5 உள்ள குழுவுக்குக் கேப்-எம் சொல்வது 2.13 சதவீதம், கோடு தருவது 1.98. பீட்டா 0.5 உள்ள குழுவுக்குச் சொல்வது 0.71, கோடு தருவது 0.90. அடக்கமான பங்குகள் சொன்னதைவிடக் கூடுதலாகத் தந்தன, துள்ளும் பங்குகள் குறைவாகத் தந்தன. பீட்டா பிழை ஏறத்தாழ ஒழிந்த பிறகும் மிஞ்சும் இந்தச் சப்பைத்தன்மையைத்தான் கோட்பாட்டுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிளாக் இதற்கு ஒரு வழி காட்டினார். எல்லோராலும் இடரற்ற வட்டிக்கு வேண்டிய அளவு கடன் வாங்க முடியாது என்றால், கூடுதல் வருவாய் தேடுபவர்கள் கடன் வாங்குவதற்குப் பதில் அதிக பீட்டா பங்குகளை வாங்கி அவற்றின் விலையை ஏற்றிவிடுவார்கள். அவற்றின் வருவாய் குறையும். அந்த வடிவத்தில் γ0 பூஜ்யத்துக்கு மேலே இருக்கலாம், γ1 அந்த அளவுக்குக் குறையலாம். ஆனால் இரண்டையும் கூட்டினால் சந்தைச் சராசரி வர வேண்டும். மேலே கூட்டிப் பாருங்கள்: 0.359 + 1.08 = 1.439. சந்தை 1.42. ஒன்று சொல்ல வேண்டும்: சம எடைக் குறியீட்டை வைத்துச் சம எடைக் குழுக்களைச் சோதிக்கும்போது கோடு அந்தப் புள்ளி வழியாகக் கிட்டத்தட்டத் தானாகவே போகும். ஆகவே கூட்டல் பொருந்துவதைப் பெரிய வெற்றியாக எழுதிவிடாதீர்கள்.

திட்டப் பிழையை மென்பொருள் தருகிறதே, அதையே போட்டால் போதாதா? ஃபாமா–மெக்பெத் முறை எதற்கு?

சாதாரண ரெக்ரெஷன் தரும் திட்டப் பிழை 631 பங்குகளையும் 631 தனித்தனிச் சாட்சிகளாக எண்ணுகிறது. எண்ணெய் நிறுவனங்கள் சேர்ந்து ஏறும், வங்கிகள் சேர்ந்து இறங்கும். அவற்றின் எச்சங்கள் பின்னிக்கிடக்கின்றன. உண்மையான சாட்சிகள் அதைவிட மிகக் குறைவு. அதனால் அந்தத் திட்டப் பிழை அளவுக்கு மீறிச் சின்னதாக வரும். மேலே நான் "இருபது மடங்கு" என்று சொன்ன கணக்கையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

ஃபாமா–மெக்பெத் முறையில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு குறுக்கு ரெக்ரெஷன், ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு γ0, ஒரு γ1. கடைசியில் அந்த மாதாந்திர γ1களின் சராசரியை எடுத்து, மாதத்துக்கு மாதம் அவை எவ்வளவு ஆடின என்பதிலிருந்தே திட்டப் பிழையைக் கண்டுபிடிக்கிறோம். பங்குகள் எப்படிப் பின்னிக்கிடந்தாலும் அதன் விளைவு அந்த ஆட்டத்துக்குள் வந்துவிடும்.

இங்கேதான் நுணுக்கமான ஓர் இடம் இருக்கிறது. 1935 ஜனவரி முதல் 1968 ஜூன் வரை, பீட்டாவை மட்டும் வைத்த அவர்கள் கணக்கில் γ1இன் சராசரி மாதத்துக்கு 0.85 சதவீதம், டி மதிப்பு 2.57. இதிலிருந்து திட்டப் பிழை 0.33 சதவீதம் என்று வருகிறது. சந்தை தந்தது 1.30. வித்தியாசம் 0.45. அதை 0.33ஆல் வகுத்தால் 1.4 தான், "சந்தைச் சராசரியிலிருந்து வேறுபடவில்லை" என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. அந்த 0.33இன் பெரும்பகுதி சந்தையே மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கியதால் வந்தது. சந்தை பத்து சதவீதம் விழுந்த மாதத்தில் γ1உம் கூடவே விழுந்திருக்கும். ஒப்பிட வேண்டியது ஒவ்வொரு மாதத்தின் γ1இலிருந்து அதே மாதத்தின் சந்தை மிகை வருவாயைக் கழித்தால் மிஞ்சும் தொடரின் சராசரியை. பொதுவான ஆட்டம் கழிந்துவிடுவதால் இந்தத் திட்டப் பிழை சின்னதாக இருக்கும், சோதனை கூர்மையாகும்.

அதே ஆய்வில் இதன் மறுபக்கமும் தெரிகிறது. γ0இலிருந்து வட்டியைக் கழித்த சராசரி 0.48 சதவீதம், அதன் டி மதிப்பும் 2.5ஐ ஒட்டியே இருந்தது. பீட்டாவுக்கு விலை உண்டு என்று ஒரு டி மதிப்பு சொல்லும்போதே, கோடு தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்கவில்லை என்று இன்னொன்று சொல்கிறது. முதலாவதை மட்டும் எடுத்துக்காட்டுபவர்கள்தான் அதிகம்.

பீட்டா மதிப்பிடப்பட்டது என்பதற்காக ஷாங்கன் 1992இல் தந்த திருத்தத்தையும் கேட்பார்கள். சந்தை என்ற ஒரே காரணிக்கு அது மாதத் தரவில் மிகச் சிறியது. மிகை வருவாய் 0.5, திட்ட விலக்கம் 4.5 என்றால் ஒரு சதவீதத்தை ஒட்டிய மாற்றம்தான். போடுங்கள், ஆனால் சாய்வின் சப்பைத்தன்மையை அது சரிசெய்யாது. அது திட்டப் பிழைக்கான திருத்தம் மட்டுமே.

குழுவாக்காமல் பங்குகளையே வைத்துச் செய்ய வழி இல்லையா?

இருக்கிறது. குழுவாக்கினால் பங்குகளுக்கு இடையே உள்ள பீட்டாப் பரவலில் ஒரு பகுதி வீணாகிறது என்ற குறை நியாயமானது. ஜெகதீஷ், ரிச்சர்ட் ரோல் உள்ளிட்டோர் 2019இல் வெளியிட்ட வழி எனக்குப் பிடித்தது. ஒற்றைப்படை மாதங்களின் தரவில் ஒரு பீட்டா, இரட்டைப்படை மாதங்களின் தரவில் இன்னொரு பீட்டா அளக்கிறோம். இரண்டும் ஒரே உண்மையைச் சுற்றி ஆடுகின்றன, ஆனால் பிழைகள் தனித்தனி. ஒன்றை மற்றொன்றுக்குக் கருவி மாறியாக வைத்தால் பிழையின் பங்கு கழிந்துவிடுகிறது. வாய்பாட்டில் சொன்னால், ஒற்றைப் பீட்டாவுக்கும் வருவாய்க்கும் உள்ள உடன்மாறுபாட்டை, ஒற்றைப் பீட்டாவுக்கும் இரட்டைப் பீட்டாவுக்கும் உள்ள உடன்மாறுபாட்டால் வகுக்கிறோம். மேலே உள்ள நிரலில் `T`ஐக் கூட்டி, மாதங்களை இரண்டாகப் பிரித்து இதையும் சோதித்துப் பார்க்கலாம்.

என் இரண்டாம் கட்டத்தில் ஆர்-ஸ்கொயர் 0.05தான் வந்தது. மோசமா?

தனிப் பங்குகளில் அது சாதாரணம். ஒரு பங்கின் சராசரி வருவாய் அதிர்ஷ்டத்தால் பெரிதும் ஆடும். குழுவாக்கியவுடன் 0.9க்கு மேலே ஏறலாம், பிளாக் குழுவினருக்கு ஏறியது போல. கோட்பாடு ஆர்-ஸ்கொயரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. γ0 = 1 சதவீதம், γ1 நெகட்டிவ் என்ற கோட்டுக்கும் உயர்ந்த ஆர்-ஸ்கொயர் கிடைக்கும்.

சந்தைக் குறியீடு என்று எதைப் போடுவது? முடிவு அதைப் பொறுத்து மாறுமா?

மாறும். 1977இல் ரோல் எழுப்பிய ஆட்சேபம் இதுதான். கேப்-எம் பேசும் சந்தை என்பது வீடு, நிலம், கடன் பத்திரம், மனித உழைப்பின் மதிப்பு எல்லாம் அடங்கிய மொத்தச் செல்வம். நம்மிடம் இருப்பது பங்குக் குறியீடு. அதோடு ஒரு கணித உண்மையும் இருக்கிறது. நீங்கள் எடுத்த குறியீடு அந்தத் தரவில், அந்த இடர் அளவுக்குக் கிடைக்கக்கூடிய உச்ச வருவாயைத் தந்த கலவையாக அமைந்துவிட்டால், சராசரி வருவாய்கள் பீட்டாவின் மேல் நேர்கோட்டில் அச்சுப் பிசகாமல் உட்காரும். உலகில் எந்தக் கோட்பாடு உண்மையாக இருந்தாலும் அப்படித்தான் உட்காரும். அப்படி அமையாவிட்டால் உட்காராது. ஆகவே இரண்டு கட்டச் சோதனை உண்மையில் சோதிப்பது, உங்கள் குறியீடு அந்தக் கலவையா என்பதைத்தான்.

இன்னும் சங்கடம் என்னவென்றால், அந்தக் கலவைக்கு மிகவும் பக்கத்தில் உள்ள குறியீட்டை வைத்தாலும் சாதாரண ரெக்ரெஷனில் γ1 பூஜ்யமாகிவிடலாம் என்று ரோலும் ராஸும் 1994இல் காட்டினார்கள். ஃபாமாவும் ஃப்ரெஞ்சும் 1992இல், 1963 முதல் 1990 வரையான அமெரிக்கத் தரவில், பீட்டாவின் சாய்வு மாதத்துக்கு 0.15 சதவீதம், டி மதிப்பு 0.46 என்று கண்டு "பீட்டா செத்துவிட்டது" என்ற பேச்சு கிளம்பியது. நான் அந்தப் பேச்சை அப்படியே ஏற்பதில்லை. அதே சமயம், குறியீடு சரியில்லை என்று சொல்லி எந்த முடிவிலிருந்தும் தப்பிப்பதும் நியாயமில்லை. குறைந்தபட்சம் சம எடை, மூலதன எடை என்று இரண்டு குறியீட்டிலும் ஓட்டி, இரண்டு γ1ஐயும் அவற்றுக்குரிய இரண்டு சந்தைச் சராசரிகளையும் சேர்த்துக் காட்டுங்கள்.

நிஃப்டி 500இன் இன்றைய பட்டியலை இறக்கி, பத்து ஆண்டு பின்னோக்கித் தரவு எடுத்தேன். சரியா?

சரியில்லை. இன்று பட்டியலில் இருப்பவை பிழைத்து வளர்ந்த நிறுவனங்கள். பத்து ஆண்டுக்கு முன் பட்டியலில் இருந்து மூழ்கியவை உங்கள் தரவில் இல்லை. எச்ச ஆட்டம் அதிகமாக இருந்த பங்குகளில் ஏறியவை மட்டும் உள்ளே, விழுந்தவை வெளியே. விளைவு, γ2 பொய்யாக ஏறும். சராசரி வருவாய்களும் குறியீட்டின் சராசரியைவிட மேலே நிற்கும், அந்த அதிகப்படி γ0இல் போய்ச் சேரும். உங்கள் 500 பங்குகளின் சம எடைச் சராசரியைக் கணக்கிட்டு, அதே காலத்தில் குறியீடு தந்ததோடு ஒப்பிடுங்கள். சிறிய பங்குகளின் எடையால் கொஞ்சம் வித்தியாசம் வருவது இயல்பு. பெரிதாக மேலே இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். காலத்தின் தொடக்கத்தில் இருந்த பட்டியலை எடுத்து, பாதியில் நீக்கப்பட்ட பங்குகளின் கடைசி வருவாய் வரை சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். குறியீட்டுக்கும் பங்குகளுக்கும் டிவிடெண்ட் சேர்த்த வருவாயையே இரண்டு பக்கமும் எடுங்கள். ஒரு பக்கம் சேர்த்து மறு பக்கம் விட்டால் அந்த வித்தியாசமும் γ0வாகத்தான் வந்து நிற்கும்.